ரிஜெக்ட் பண்ண கம்பெனிக்கே மறுபடி அப்ளை: ரெஸ்யூமேயில் எதை மாற்றணும்?

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 3, இரவு 10.20

பாரிமுனையில் ஒரு சின்ன சிஎச்ஏ, அதாவது கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமெண்டேஷன் வேலை பார்க்கிறேன். பி.காம். போன வருஷம் நடுவில் ஒரு பெரிய ஃபார்வர்டிங் கம்பெனியில் இம்போர்ட் டாக்குமெண்டேஷன் வேலைக்குப் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஹெச்ஆர் ரவுண்டு தாண்டி ஆபரேஷன்ஸ் மேனேஜர் ரவுண்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் "இப்போதைக்கு இல்லை, உங்கள் விவரங்களை வைத்திருக்கிறோம்" என்று ஒரு மெயில் வந்தது. இப்போது அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்டிருக்கிறார்கள்.

பழைய ரெஸ்யூமேயில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பலாமா? இல்லை, புது மெயில் ஐடி திறந்து புது ஆள் மாதிரிப் போகலாமா? பழைய ஐடியில் போனால் சிஸ்டமே தள்ளிவிடும் என்று ஆபீஸில் ஒருத்தர் சத்தியம் பண்ணுகிறார்.

காசிமேடு கானாங்கெளுத்தி
பிப்ரவரி 3, இரவு 10.41

புது மெயில் ஐடி சரி. மூஞ்சிக்கு என்ன பண்ணப் போறே? அந்த மேனேஜர் அதே சீட்டில்தானே இருப்பார்.

கமிட் பண்ணு
பிப்ரவரி 3, இரவு 11.15

நான் ஐடி. எங்கள் பக்கம் ரூல் தெளிவு: ஆறு மாதம் கூலிங் பீரியட். அதற்குள் போனால் சிஸ்டம் எடுக்காது, தாண்டினால் எடுக்கும். அப்புறம் எல்லாம் கீவேர்டுதான். அவர்கள் வேலை விளம்பரத்தில் இருக்கும் வார்த்தைகளை அப்படியே ரெஸ்யூமேயில் தூவிவிடுங்கள். வெள்ளை எழுத்தில் கீழே ஒட்டினால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் படிக்கும். என் நண்பன் அப்படித்தான் உள்ளே போனான்.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 4, காலை 7.50

ஆள் எடுக்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், முதலில் கன்சல்டன்சியில், இப்போது ஒரு கம்பெனிக்குள்ளேயே. மேலே சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து.

கூலிங் பீரியட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆறு மாதம் என்பது பரவலாக இருக்கிற வழக்கம், அவ்வளவுதான். சில இடத்தில் மூன்று, சில இடத்தில் ஒரு வருஷம். சில இடத்தில் ஒரே வேலைக்குத்தான் தடை, வேறு வேலைக்கு மறுநாளே போடலாம்.

வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். சிஸ்டம் உங்கள் ஃபைலிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுத்து எனக்குத் தனியாகக் காட்டும். அங்கே வெள்ளை, கறுப்பு என்று கிடையாது. கீழே ஒட்டிய விளம்பரம் முழுசாக என் கண் முன்னால் நிற்கும். அப்படி வந்த ரெஸ்யூமே ஒன்றை எங்கள் டீமே சுற்றி நின்று பார்த்துச் சிரித்திருக்கிறது.

மெயில் ஐடி விஷயம். பழைய ஐடியில் போட்டால் பெரும்பாலான சிஸ்டத்தில் புது ரெஸ்யூமே பழைய ப்ரொஃபைலுக்குக் கீழேயே போய் உட்காரும். புது ஐடி போட்டாலும் போன் நம்பர், பெயர், பிறந்த தேதி ஒத்துப்போனால் "இவர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று காட்டும். ஒரு கிளிக்கில் இரண்டையும் சேர்த்துவிடுவோம். சேர்த்த பிறகு என் மனசில் வருகிற முதல் கேள்வி, இவர் எதை மறைக்கப் பார்த்தார் என்பது. ஃபார்மில் "இதற்கு முன் எங்களிடம் விண்ணப்பித்ததுண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று வேறு டிக் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

சின்ன கம்பெனியில் சிஸ்டம் எதுவும் இருக்காது, ஒரு எக்செல் ஷீட்டும் ஒரு மெயில் பெட்டியும்தான். உங்கள் கம்பெனி அந்த வகை இல்லை.

மணலி பி ஷிஃப்ட்
பிப்ரவரி 4, மதியம் 2.35

தம்பி, நான் ஒரு பிளாண்டில் வேலையை விட்டுப் போய், துபாய் போய்த் திரும்பி வந்து, அதே பிளாண்டுக்கு மறுபடி போட்டேன். எடுத்துக்கிட்டாங்க. பழைய எம்ப்ளாயி நம்பரே கொடுத்தாங்க. பயப்படாம போடு. ரிலீவிங் லெட்டர் மட்டும் பத்திரமா வெச்சுக்கோ.

காசிமேடு கானாங்கெளுத்தி
பிப்ரவரி 4, மதியம் 2.50

அண்ணே, அவர் இன்னும் உள்ளேயே போகலை. அதுக்குள்ள ரிலீவிங் லெட்டரா?

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 4, இரவு 9.05

தம்பி, கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் சுற்றியவன் நான். இப்போது ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் இம்போர்ட் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். ரெஸ்யூமேகள் என் டேபிளுக்கும் வரும்.

மெயில் ஐடி, கூலிங் பீரியட் எல்லாம் வாசலில் நடக்கிற பேச்சு. நீ விழுந்தது வாசலில் இல்லை, மேனேஜர் ரவுண்டில். ரெஸ்யூமே பார்த்த கட்டத்திலேயே தள்ளியிருந்தால் பேப்பரைச் சரிசெய்ய வேண்டும். உன் பேப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது, உன்னை அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது. அந்த அறையில் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், அதைச் சொல். புது ரெஸ்யூமேயில் என்ன மாற வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 4, இரவு 10.30

முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது, அண்ணே. எக்ஸ்போர்ட் பக்கம் ஷிப்பிங் பில், எல்இஓ, விஜிஎம் எல்லாம் கேட்டார், சொன்னேன். அப்புறம் இம்போர்ட் பக்கம், வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் போடுகிற பில் ஆஃப் என்ட்ரிக்குத் திரும்பினார். "கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது, பில் ஆஃப் என்ட்ரி எப்போது போடணும்?" என்றார். வந்த மறுநாளுக்குள், லீவு நாள் கணக்கில் வராது என்றேன். "லேட்டானால்?" என்றார். ஃபைன் வரும் என்றேன். "எவ்வளவு?" தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 4, இரவு 11.10

நீ சொன்னது பழைய விதி. 2021 பட்ஜெட்டோடு மாறிவிட்டது. இப்போது கப்பல் வருகிற நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் போட வேண்டும், லீவு நாளும் கணக்கில் சேரும். வெள்ளிக்கிழமை கப்பல் என்றால் வியாழன் ராத்திரிக்குள். தாமதத்துக்கு முதல் மூன்று நாள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000. கட்டப்போவது இம்போர்ட்டர், திட்டு வாங்கப்போவது அந்த மேனேஜர். அதனால்தான் அந்தக் கேள்வி.

பழைய விதியைச் சொன்னவன் இம்போர்ட் ஃபைலைக் கையால் தொட்டதில்லை, யாரோ சொல்லிக் கேட்டவன் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். இப்போது என் கேள்வி. உன் பழைய ரெஸ்யூமேயில் இம்போர்ட் என்ற வார்த்தை இருந்ததா?

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 5, காலை 6.45

இருந்தது. "எக்ஸ்போர்ட் மற்றும் இம்போர்ட் டாக்குமெண்டேஷன் முழுவதையும் கையாளுதல்" என்று. தண்டையார்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் அடித்தது. அந்த அண்ணன் எங்கள் ஆபீஸ் ஆள் இன்னொருத்தர் ரெஸ்யூமேயைத் திறந்து, பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிக் கொடுத்தார். போட்டோ, மதம், "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" எல்லாம் அதிலேயே இருந்தது.

காசிமேடு கானாங்கெளுத்தி
பிப்ரவரி 5, காலை 7.02

அந்த உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்து போட்டியா இல்லையா?

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 5, காலை 8.15

அப்படியானால் அங்கே எழுதியிருக்கப்போகிற குறிப்பை என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். நேர்காணல் முடிந்ததும் மேனேஜர் சிஸ்டத்தில் இரண்டு வரி போடுவார். "எக்ஸ்போர்ட் நன்று. இம்போர்ட் அறிவு இல்லை, ரெஸ்யூமேக்கும் பேச்சுக்கும் பொருந்தவில்லை." இதில் முதல் பாதி சரிசெய்யக்கூடியது. இரண்டாம் பாதி கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

"ப்ரொஃபைலை வைத்திருக்கிறோம்" என்ற மெயில் எல்லாருக்கும் போகிற அச்சு வாசகம். அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

அப்புறம், இப்போது உங்கள் வேலை என்ன? எக்ஸ்போர்ட் டெஸ்க்கிலேயேதான் இருக்கிறீர்களா? அப்படியென்றால் மறுபடி போடுவதற்கே காரணம் இல்லை.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 5, இரவு 10.05

இல்லை அக்கா. அந்த இன்டர்வியூ முடிந்து வந்ததும் முதலாளியிடம் கேட்டு இம்போர்ட் டெஸ்க்குக்கு மாறிவிட்டேன். அங்கே இருந்தவர் ஊருக்குப் போனது வசதியாகிவிட்டது. செப்டம்பர் முதல் நான்தான் செக்லிஸ்ட் போட்டு, பார்ட்டியிடம் அப்ரூவல் வாங்கி, கஸ்டம்ஸின் ஐஸ்கேட் போர்ட்டலில் ஃபைல் பண்ணுகிறேன். கஸ்டம்ஸிலிருந்து கேள்வி வந்தால் பதில் எழுதுவதும் நான். சரக்கு எக்ஸாமினேஷனுக்கு மாதவரம், மணலி பக்கம் கன்டெய்னர் வைக்கிற சிஎஃப்எஸ்ஸுக்கு ஃபீல்டு பையனோடு போவேன்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கணுமோ?

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 5, இரவு 10.40

இதைத்தான் முதல் வரியாகச் சொல்லியிருக்கணும். இங்கேயும் சரி, ரெஸ்யூமேயிலும் சரி. வெறும் தேதியை மாற்றி அனுப்பலாமா என்று கேட்டாயே, அனுப்பியிருந்தால் இத்தனை மாத வேலை அந்தப் பேப்பரில் வந்தே இருக்காது. ஏனென்றால் "இம்போர்ட் முழுவதும் கையாளுதல்" என்று செய்யாதபோதே எழுதிவிட்டாய். செய்த பிறகு எழுத வார்த்தை மிச்சமில்லை.

அதனால் அந்த வரியை உடை. ஒரே கம்பெனிக்குக் கீழே இரண்டு தலைப்பு. மேலே இம்போர்ட் டெஸ்க், செப்டம்பர் முதல் இன்று வரை. அதற்குக் கீழே எக்ஸ்போர்ட் டெஸ்க், சேர்ந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை. அவ்வளவு செய்தாலே அந்த மேனேஜர் பார்த்ததும், போன தடவை இவன் ஏன் தடுமாறினான், இப்போது ஏன் தடுமாற மாட்டான் என்று இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 6, காலை 7.40

இந்த இடத்தில் சாரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மேனேஜருக்கு அது நல்ல பதில்தான். ஆனால் ரெஸ்யூமே முதலில் வருவது ஹெச்ஆருக்கு. அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால், பழையதில் ஆரம்பத்திலிருந்தே இரண்டும், புதியதில் செப்டம்பரிலிருந்துதான் இம்போர்ட். முரண் என்று தோன்றினால் மேனேஜரிடம் போகவே போகாது.

என் யோசனை: பிரித்தே எழுதுங்கள், ஆனால் மெயிலில் முன்கூட்டியே இரண்டு வரி சொல்லிவிடுங்கள். "கடந்த ஆண்டு இதே பணிக்கு உங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜரைச் சந்தித்தேன். அப்போது என் வேலை பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டில் இருந்தது. செப்டம்பர் முதல் இம்போர்ட் டெஸ்க்கைத் தனியாகப் பார்க்கிறேன், விவரம் ரெஸ்யூமேயில் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். மன்னிப்பு, விளக்கம், டிடிபி கடை எதுவும் வேண்டாம்.

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 6, காலை 9.30

"பெரும்பாலும்" என்ற வார்த்தையில் கொஞ்சம் மழுப்பல் இருக்கிறது மேடம். எனக்கு வந்தால் நான் அதையே பிடித்துக் கேட்பேன்.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 6, காலை 9.42

கேளுங்கள் சார், அவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு.

கமிட் பண்ணு
பிப்ரவரி 6, மதியம் 1.20

இதற்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறதே. செப்டம்பரைப் போடாமல் வருஷத்தை மட்டும் போட்டால் யாருக்குத் தெரியும்? எங்கள் ஃபீல்டில் நிறையப் பேர் வருஷம் மட்டும்தான் போடுகிறார்கள்.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 6, இரவு 8.10

முன்னால் மாதமும் வருஷமும் போட்டவர் இந்த முறை வருஷம் மட்டும் போட்டால் அதுவே கண்ணில் படும்.

தேதி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ரெஸ்யூமேயில் இருக்கிற சேர்ந்த தேதி, விலகிய தேதி, படித்து முடித்த வருஷம், பதவிப் பெயர், இவை புதியதில் ஒரு மாதம்கூட நகரக் கூடாது. வேலை விவரத்தை எப்படி வேண்டுமானாலும் திருப்பி எழுதலாம், அது உங்கள் பார்வை. தேதி பதிவு. ஆஃபர் கொடுத்த பிறகு வெரிஃபிகேஷன் ஏஜென்சி உங்கள் யுஏஎன் வழியாக பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்க்கும். அங்கே சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் இருக்கும்.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 6, இரவு 10.15

வயிற்றில் புளி கரைக்கிறீங்க அக்கா. நான் சேர்ந்தது 2021 ஜூன். முதலாளி பிஎஃப் பிடிக்க ஆரம்பித்தது 2022 ஏப்ரலில். அதுவரை சம்பளம் கவரில். பழைய ரெஸ்யூமேயில் 2021 ஜூன் என்றுதான் இருக்கிறது. இப்போது பிஎஃப்புக்கு ஒத்துப்போகிற மாதிரி 2022 என்று மாற்றிவிடட்டுமா?

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 6, இரவு 10.50

வேண்டாம். உண்மை 2021 ஜூன் என்றால் அதுவே இருக்கட்டும். உங்கள் மாதிரி சின்ன ஆபீஸ்களில் இது சகஜம். இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் பிஎஃப் கட்டாயமே இல்லை, பிறகு ஆள் சேர்ந்ததும் ஆரம்பித்திருப்பார்கள். வெரிஃபிகேஷன் செய்கிறவர்களுக்கும் அது தெரியும். முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதியோடு ஒரு அனுபவக் கடிதம் வாங்கி வையுங்கள். அந்தக் காலத்து அப்பாயின்ட்மென்ட் லெட்டரோ, துறைமுகத்துக்குள் போக உங்கள் பெயரில் வாங்கிய பாஸோ இருந்தால் இன்னும் நல்லது.

மணலி பி ஷிஃப்ட்
பிப்ரவரி 7, காலை 6.20

நைட் முடிச்சு வந்து படிக்கிறேன். அதான் நானும் சொன்னேன், லெட்டர் பத்திரம்னு.

காசிமேடு கானாங்கெளுத்தி
பிப்ரவரி 7, காலை 6.31

வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணே.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 8, மாலை 6.40

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவிட்டேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் போடுகிறேன். இம்போர்ட் பகுதி மட்டும்:

"இம்போர்ட் கிளியரன்ஸ் முழுப் பொறுப்பு. பில் ஆஃப் என்ட்ரி ஃபைலிங்கில் சிறந்த அறிவு. சிஎஃப்எஸ், ஷிப்பிங் லைன், கஸ்டம்ஸ் ஆகியோருடன் சிறந்த தொடர்பு. அழுத்தமான சூழலில் பணிபுரியும் திறன்."

எப்படி?

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 8, இரவு 9.15

தம்பி, கோபப்படாதே. டிடிபி கடைக்காரர் எழுதியதைவிட நீளமாக இருக்கிறது, வேறு வித்தியாசம் தெரியவில்லை. இந்த நான்கு வாக்கியத்தையும் பில் ஆஃப் என்ட்ரியையே பார்க்காதவன்கூட எழுதலாம்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஜாப் ரிஜிஸ்டரை எடு. செப்டம்பரிலிருந்து உன் பெயர் போட்ட ஃபைல்களை எண்ணு. மாதத்துக்கு எவ்வளவு, எந்தத் துறைமுகம், என்ன சரக்கு, அதில் எத்தனைக்குக் கேள்வி வந்தது. சும்மா தோராயமாகச் சொல்லாதே, எண்ணு. அறையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் தொடப்போவது அந்த எண்ணைத்தான்.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 10, இரவு 10.50

எண்ணினேன் அண்ணே. மாதம் 35 முதல் 40 வருகிறது. முக்கால்வாசி சென்னைத் துறைமுகம், மீதி காட்டுப்பள்ளியும் எண்ணூரும். பேப்பர் ரோல், பிளாஸ்டிக் மூலப்பொருள், மெஷின் ஸ்பேர்ஸ். ஒரு விஷயம் கவனித்தேன். இதில் பெரும்பாலும் கப்பல் வருவதற்கு முன்பே ஃபைல் ஆனவை. தாமதக் கட்டணம் விழுந்தது நான்கு ஃபைல்கள். நான்கிலும் பார்ட்டி இன்வாய்ஸை லேட்டாக அனுப்பியதுதான் காரணம், மெயில் இருக்கிறது. அதன் பிறகு, கப்பல் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே பார்ட்டிக்கு ஞாபகப்படுத்தி மெயில் போட ஆரம்பித்தேன். டிசம்பரிலிருந்து ஒன்றும் விழவில்லை.

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 10, இரவு 11.20

இதோ உன் ரெஸ்யூமே. இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?

இப்படி எழுது: "மாதம் 35 முதல் 40 கடல்வழி பில் ஆஃப் என்ட்ரி, சென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர். செக்லிஸ்ட் முதல் அவுட் ஆஃப் சார்ஜ் வரை. கப்பல் வருவதற்கு முன் ஃபைலிங்: பார்ட்டிகளுக்கு நான்கு நாள் முன்பே ஆவண நினைவூட்டல் தொடங்கியபின், டிசம்பர் முதல் என் ஃபைல்களில் தாமதக் கட்டணம் இல்லை." அடுத்த வரி அசெஸ்மென்ட் கேள்விகள். எதைப் பற்றிக் கேள்வி வந்தது, ஹெச்எஸ் கோடா, விலையா, ஆசியான் சர்டிஃபிகேட்டா, அதில் ஒன்றை மட்டும் சொல்.

போன தடவை எந்தக் கேள்வியில் பேனாவை மூடினாரோ, அதற்கான பதில் முதல் பக்கத்தின் மேல் பாதியில் இருக்கிறது. அவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எந்த இம்போர்ட் மேனேஜரும் தேடுகிற வரி அது.

பார்ட்டி பெயர்களை மட்டும் போடாதே. நீ போகப்போகிற கம்பெனி அதே பார்ட்டியைப் பிடிக்க அலைந்துகொண்டிருக்கலாம். உன் முதலாளி காதுக்குப் போனால் வம்பு. சரக்கு வகை போதும்.

கப்பல் வேடிக்கை
பிப்ரவரி 11, காலை 8.05

குறுக்கே வருகிறேன். முந்தின நாளுக்குள் போடணும் என்பது எல்லாச் சரக்குக்கும் இல்லை. இலங்கை, மியான்மர், பங்களாதேஷ் மாதிரி பக்கத்து நாடுகளிலிருந்து கடல்வழி வந்தால் கப்பல் வந்த நாள் முடியும் வரை நேரம் உண்டு. விமானச் சரக்குக்கும் அப்படித்தான். கொழும்பு வழியாக நிறைய வருகிறதே நமக்கு.

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 11, காலை 9.10

விதி சரி. ஆனால் கொழும்பு வழியாக வருவதற்கு அது பொருந்தாது. இலங்கையிலிருந்தே அனுப்பப்பட்ட சரக்காக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஏற்றி கொழும்பில் கப்பல் மாறி வந்தால் முந்தின நாள் கணக்குதான். தம்பி, இதைப் படித்து வை. மேனேஜருக்கு உன் வரி பிடித்துப்போனால் அடுத்து இங்கேதான் வருவார்.

கமிட் பண்ணு
பிப்ரவரி 11, மதியம் 12.30

கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆட்களுக்கான ஜி கார்டு பரீட்சை எழுதப்போவதாக இருந்தால் அதையும் போடலாமே? "தயாராகிக்கொண்டிருக்கிறேன்" என்று. எங்கள் பக்கம் சர்டிஃபிகேஷன் அப்படித்தான் போடுவோம்.

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 11, இரவு 9.50

பாஸ் பண்ணினால் போடட்டும், பெரிய விஷயம். அதைப் பாஸ் பண்ணிவிட்டு வருபவர்களை நாங்கள் தேடிப் பிடிக்கிறோம். "தயாராகிறேன்" என்பதை, ஏற்கெனவே ஒரு வரி அதிகமாகப் போட்டு மாட்டிய ஆள் இரண்டாவது தடவை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மேடம் வேறு மாதிரிச் சொல்லலாம்.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 12, காலை 7.55

அப்ளிகேஷன் கொடுத்து, ரசீது கையில் இருந்தால் போடலாம் என்பது என் கட்சி. கையில் ஒன்றும் இல்லையென்றால் சார் சொல்வதுதான்.

அனுப்புவதற்கு முன் இன்னொரு விஷயம். போன தடவை நேராகப் போட்டீர்களா, கன்சல்டன்சி வழியாகவா? கன்சல்டன்சி அனுப்பியிருந்தால் அந்தப் ப்ரொஃபைல் சில மாதங்களுக்கு, சில இடத்தில் ஒரு வருஷம் வரை, அவர்கள் கணக்கில் இருக்கும். இப்போது நேராகவோ, உள்ளே இருக்கும் நண்பர் ரெஃபரல் வழியாகவோ போட்டால் யாருக்குக் கமிஷன் என்ற சண்டையில் உங்கள் ஃபைல் ஓரமாகக் கிடக்கும். நல்ல ஆட்களே இதில் சிக்கிப் பார்த்திருக்கிறேன்.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 12, இரவு 10.10

நேராகத்தான் அக்கா, அவர்கள் வெப்சைட்டில். பழைய மெயில் ஐடியிலேயே இன்று போட்டுவிட்டேன். போட்டோ, மதம், உறுதிமொழி எல்லாம் போய்விட்டது. பக்கம் இரண்டாகப் பிரிந்திருந்ததை ஒரே பத்தியாக்கினேன், டேபிளை எடுத்துவிட்டேன். முன்னால் விண்ணப்பித்ததுண்டா என்பதற்கு "ஆம்". ஜி கார்டு போடவில்லை. மெயிலில் அக்கா சொன்ன இரண்டு வரி, "பெரும்பாலும்" இல்லாமல்.

காசிமேடு கானாங்கெளுத்தி
பிப்ரவரி 12, இரவு 10.22

மதம் போனது சரி. அப்பா பேரு?

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 12, இரவு 10.25

அதுவும் போச்சு. வீட்டில் சொல்லவில்லை.

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 24, இரவு 9.30

ஹெச்ஆரிலிருந்து போன் வந்தது. பழைய ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார் போல. "போன வருஷம் வந்தீங்க இல்லையா" என்றார், ஆமாம் என்றேன், மேனேஜர் ரவுண்டுக்கு வியாழக்கிழமை வரச் சொன்னார். அதே மேனேஜர்தான்.

ஆனால் ஒரு இடத்தில் திணறிவிட்டேன். "அப்போ கையில் 24,000 எதிர்பார்க்கிறதா போட்டிருக்கீங்க, இப்போ 32,000 போட்டிருக்கீங்க, என்ன மாறிச்சு?" என்றார். பழைய ஃபார்மில் என்ன போட்டேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. வியாழக்கிழமை சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 24, இரவு 10.00

ஆமாம், அந்த எண்ணும் அங்கே இருக்கும். எதிர்பார்ப்பு, அப்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட் மூன்றும். ரெஸ்யூமேயில் வராததால் எல்லாரும் மறக்கிற இடம்.

எண்ணைக் குறைக்க வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள். அப்போது கேட்டது எக்ஸ்போர்ட் அனுபவத்துக்கு, இப்போது கேட்பது தனியாக ஃபைல் பண்ணுகிற இம்போர்ட் ஆளுக்கு. இப்போதைய சம்பளம் எவ்வளவு?

டோல்கேட் கடைசி பஸ்
பிப்ரவரி 24, இரவு 10.08

22,500. அப்போது 19,000.

பெரம்பூர் பேனல்
பிப்ரவரி 24, இரவு 10.20

32 கொஞ்சம் எட்டித்தான் இருக்கிறது. 29, 30க்குப் பேசி முடிப்பார்கள் என்று நினைக்கிறேன். டெஸ்க் மாறியபோது சம்பளம் ஏறியதற்கு ஸ்லிப் இருந்தால் கொண்டுபோங்கள்.

ராஜாஜி சாலை நிழல்
பிப்ரவரி 24, இரவு 10.55

நான் ஆள் எடுத்தால் 32 கொடுப்பேன், நாலு தாமதக் கட்டணத்துக்கும் காரணம் சொல்லத் தெரிந்தால். அந்த நாலு ஃபைலின் கப்பல் தேதி, ஃபைல் பண்ணின தேதி, கட்டிய தொகை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டு போ. தாளை வெளியே எடுக்காதே, பார்ட்டி பெயர் இருக்கும்.